இரவு ஏழு மணியும் டே-எண்டும்: வங்கிப் பின்னறையில் காசோலை கிளியரிங் முடிக்கும் முறை

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் கைமாறும் நாட்களில் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்து வங்கிகளின் கிளியரிங் மேசையில் காசோலை குவியும். அரிசி ஆலைக்காரர் வியாபாரிக்குக் கொடுத்தது, உரக்கடை மொத்த விற்பனையாளருக்குக் கொடுத்தது, பட்டு முதலாளி ஜரிகைக்குக் கொடுத்தது என்று எல்லாம் ஒரே கட்டில் வரும். அந்தக் கட்டு அன்றைக்கே முடிய வேண்டும். எப்படி முடிப்பது, எங்கே தடுக்கும், தடுத்தால் எதைப் பார்ப்பது என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. சிறிய வங்கியின் தலைமை அலுவலகக் கிளியரிங் பிரிவிலோ, பக்கத்துக் கிளைகளுக்கும் சேர்த்து வேலை பார்க்கும் பெரிய கிளையிலோ புதிதாக உட்காருபவருக்காக எழுதியது.

இரண்டு கடிகாரங்கள்

முன்பெல்லாம் கிளியரிங் என்றால் தொகுதி வேலை. இன்று ஸ்கேன் செய்த காசோலைகள் மொத்தமாகப் போகும், நாளை ரிட்டர்ன் அமர்வு, அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளருக்குப் பணம். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதை மாற்றிவிட்டது. இப்போது சமர்ப்பிப்பு அமர்வு திறந்திருக்கும் வரை காசோலைப் படங்கள் தொடர்ச்சியாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிர் வங்கியும் ஒவ்வொன்றாக ஏற்கிறது அல்லது திருப்புகிறது. காலை 11 மணியிலிருந்து மணிக்கொரு முறை, வங்கிகளுக்கிடையே பணத்தைத் தீர்க்கும் செட்டில்மென்ட் நடக்கிறது. அன்று வந்த காசோலைக்கு இரவு ஏழு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது ஏற்கப்பட்டதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற இரண்டாம் கட்டத்தை 2026 ஜனவரி 3-ல் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். அது பிறகு ஒத்திவைக்கப்பட்டது. திட்டம் தொடங்கியபோது சமர்ப்பிப்பு அமர்வு காலை 10 முதல் மாலை 4 வரை. இந்த நேரங்கள் சுற்றறிக்கை மூலம் மாறக்கூடியவை. அதனால் நடப்புச் சுற்றறிக்கையின் நகலை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துவிடுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நேரம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வங்கியின் சொந்தக் கணக்குப் புத்தகம், அதாவது கோர் பேங்கிங், இன்னும் தொகுதியாகத்தான் நாளை முடிக்கிறது. டே-எண்ட் ஓடினால்தான் தேதி மாறும். ஆகவே உங்களுக்கு இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று கிளியரிங் கட்டமைப்பின் ஏழு மணி. அது யாருக்காகவும் நிற்காது. இன்னொன்று உங்கள் வங்கியின் டே-எண்ட். அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், ஆனால் வித்தியாசத்தோடு மூடக் கூடாது. பின்னறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒரு கடிகாரத்தில் முடித்த வேலையை இன்னொன்றிலும் முடித்ததாக நினைப்பதால் வருகின்றன. கீழே விரிவாகக் காட்டியிருக்கும் கணக்கும் அப்படிப்பட்டதுதான்.

காலையில் முதல் அரை மணி

கதவு திறந்ததும் ஸ்கேனரைத் துடையுங்கள். உருளைகளில் படிந்த காகிதத் தூசிதான் இரட்டையாக இழுப்பதற்கு முதல் காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதம் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டும். அந்த மாதங்களில் கட்டை விசிறிக்கடியில் கொஞ்ச நேரம் பரப்பி வைத்துவிட்டு, விரலால் உதறிப் பிரித்துப் போடுவது நல்லது.

அடுத்து டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். அது காலாவதியானால் ஒரு காசோலைகூட வெளியே போகாது, புதுப்பிக்க நாளாகும். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எச்சரிக்கை வரும்படி குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாளின் டே-எண்ட் அறிக்கையில் கிளியரிங் கணக்கின் இருப்பு பூஜ்யமா என்பதையும் இப்போதே பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் இன்றைய வேலையைத் தொடங்குவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். இன்றைய பதிவுகள் மேலே ஏறிவிட்டால் நேற்றைய வித்தியாசம் அடியில் புதைந்துவிடும்.

அவுட்வர்ட்: நம்மிடம் வந்த காசோலையை அனுப்புவது

டிராப் பாக்ஸ் திறக்கும்போது இருவர் இருக்க வேண்டும். எண்ணிக்கையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பிரிக்க வேண்டும். பின் அடித்திருந்தால் கையால் நெம்பி எடுங்கள். பின்னோடு ஸ்கேனருக்குள் போன காசோலை கிழிந்துதான் வரும். மடியில் நாலாக மடித்துக் கொண்டுவந்த காசோலையை மடிப்புக்கு எதிராக ஒருமுறை வளைத்து நிமிர்த்திவிட்டுப் போடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா, இனி வரப்போகும் தேதி போட்டதா? எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகிறதா? பெறுபவர் பெயரும் சலானில் உள்ள கணக்கின் பெயரும் ஒன்றா? திருத்தம் இருக்கிறதா? காசோலையின் படத்தை வைத்தே தீர்க்கும் இந்த சிடிஎஸ் முறையில் தேதியைச் செல்லுபடியாக்கும் திருத்தம் தவிர வேறு எந்தத் திருத்தத்தையும் ஏற்பதில்லை. பெயரிலோ தொகையிலோ அடித்து எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. அப்படிப்பட்டதை அனுப்பி ரிட்டர்ன் வாங்குவதை விட, வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் புதுக் காசோலை வாங்கி வரச் சொல்வது அவருக்கும் நல்லது. ரிட்டர்ன் கட்டணமாவது மிஞ்சும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது மஞ்சள். புதுக் கணக்குக்கும் நல்ல நாள் வரவுக்கும் காசோலை மூலையில் மஞ்சள், குங்குமம் வைப்பது வழக்கம். மூலையோடு நின்றால் தொல்லை இல்லை. தொகைக் கட்டத்திலோ கையெழுத்திலோ பரவியிருந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இடம் முழுக் கறுப்பாக விழும். படம் தெளிவில்லை என்று எதிர் வங்கி திருப்பும். ஸ்கேன் ஆனதும் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் அமைப்பை மாற்றி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

இரண்டாவது, தமிழில் எழுதிய காசோலை. அது முழுக்கச் செல்லும். ஆனால் சில வங்கிகளில், தங்கள் மேல் எழுதிய காசோலைக்குப் பதில் சொல்லும் இன்வர்ட் பிரிவு வேறு மாநிலத்தில் இருக்கும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஏதோ ஒரு காரணம் போட்டுத் திருப்புவது உண்டு. அப்படி வந்தால் வாடிக்கையாளரிடம் கட்டணம் பிடிக்காதீர்கள். அவர்மேல் தவறில்லாத தொழில்நுட்ப ரிட்டர்ன்களுக்குக் கட்டணம் கூடாது. அதை விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நாமே மறுபடி அனுப்பி, அவருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்ப வேண்டும். எதிர் வங்கிக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டு வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு காசோலைக்கும் மூன்று படங்கள் உருவாகும்: முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. கூடவே அடியில் உள்ள காந்த மை வரியையும் ஸ்கேனர் படிக்கும். அதில் ஆறு இலக்கக் காசோலை எண், ஒன்பது இலக்க எம்ஐசிஆர் குறியீடு, ஆறு இலக்கக் கணக்குப் பகுதி, இரண்டு இலக்கப் பரிவர்த்தனைக் குறியீடு இருக்கும். ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. கும்பகோணம் 612, தஞ்சாவூர் 613. மடிப்பு விழுந்த இடத்தில் ஸ்கேனர் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால், படத்தைப் பார்த்துக் கையால் நிரப்ப வேண்டும். நிரப்பியதும் திரையில் வரும் வங்கியின் பெயரும் காசோலையில் அச்சடித்த பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நடு மூன்று இலக்கத்தில் ஒன்று பிசகினால் காசோலை வேறு வங்கிக்குப் போய், அன்றைய பொழுது வீணாகும்.

கட்டு பெரிதாக வேண்டாம். இருபத்தைந்து காசோலைக்கு ஒரு கட்டு என்று வைத்தால் வித்தியாசம் வந்தாலும் சில நிமிடத்தில் பிடிக்கலாம். சலான்களின் கூட்டுத்தொகையை ஒருவர் தனியாகப் போட வேண்டும். காசோலைத் தொகையை இன்னொருவர் படம் பார்த்துத் தட்ட வேண்டும். இரண்டும் ஒத்தால்தான், பதிவைப் பார்த்து அனுமதிக்கும் செக்கருக்குப் போகலாம். இதில் ஒரு குறுக்குவழி எடுத்து, சலான் தொகையைப் பார்த்தே தட்டினால் இந்தச் சரிபார்ப்புக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. சலானில் தவறு இருந்தால் அதே தவறு கணினியிலும் ஏறும், கூட்டுத்தொகையும் அழகாக ஒத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. சலான் கூட்டு 11,84,250 ரூபாய். கணினி 12,11,250 காட்டுகிறது. வித்தியாசம் 27,000. முதலில், 27,000 ரூபாய்க்கு அந்தக் கட்டில் காசோலை உண்டா என்று பாருங்கள். இருந்தால் இருமுறை ஏறியிருக்கலாம். இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் 3,000 வருகிறது. ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 3,000 என்பதால், பத்தாயிரம், ஆயிரம் இடங்களில் உள்ள இலக்கங்கள் மூன்று வித்தியாசப்படும் காசோலையைத் தேட வேண்டும். அந்தக் கட்டில் நீடாமங்கலம் ஆலை ஒன்றின் 2,36,500 ரூபாய்க் காசோலை இருக்கிறது. கணினியில் பார்த்தால் 2,63,500. முப்பத்தாறு அறுபத்துமூன்று ஆகிவிட்டது. இருபத்தைந்தையும் வரிசையாகப் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஒரு சைபர் கூடியிருந்தாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும்: 1,800 என்பது 18,000 ஆனால் வித்தியாசம் 16,200. அதனால் இடமாற்றம் கிடைக்கவில்லை என்றால் சைபரைத் தேடுங்கள்.

கட்டு ஒத்ததும் உடனே அனுப்பிவிடுங்கள். எல்லாம் சேரட்டும் என்று அமர்வின் கடைசி அரை மணிக்கு வைத்திருப்பது பழைய பழக்கம். இப்போது காலையில் போன காசோலைக்கு மதியமே பதில் வரக்கூடும், வாடிக்கையாளருக்கு அன்றே பணம் கிடைக்கும். கடைசி நேரத்தில் இணைப்பு அறுந்தாலும் நிற்பது ஒரே ஒரு கட்டுதான்.

இன்வர்ட்: நம் மேல் எழுதிய காசோலைக்குப் பதில் சொல்வது

பணம் போகும் பக்கம் இதுதான். நாளின் பெரும் கவனம் இங்கே இருக்க வேண்டும்.

வரும் படங்களை மூன்றாகப் பிரிக்கலாம். இருப்பு இருக்கிறது, நிறுத்தச் சொன்ன உத்தரவு இல்லை, கையெழுத்து ஒத்துப்போகிறது என்றால் அவை முதல் வகை. வந்த உடனே ஏற்றுவிட வேண்டும். கையெழுத்து, பெயர், தேதி என்று ஏதாவது பார்க்க வேண்டியவை இரண்டாம் வகை. இருப்புப் போதாதவை மூன்றாம் வகை. முதல் வகையைத் தேக்கி வைத்தால் மாலையில் மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைக்கு பாசிட்டிவ் பே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்த வசதி இருக்கிறது. எழுதியவர் காசோலை எண், தேதி, பெறுபவர், தொகை ஆகியவற்றை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கிறார். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் அதை வங்கி கட்டாயமாக்கலாம். உங்கள் வங்கி கட்டாயமாக்கியிருந்தால், பழைய வாடிக்கையாளர் என்பதற்காகப் பதிவில்லாத காசோலையை விடாதீர்கள். சமர்ப்பிப்பு அமர்வு நடக்கும்போதே கூப்பிட்டுப் பதிவு செய்யச் சொல்ல நேரம் இருக்கிறது.

சமர்ப்பிப்பு அமர்வு முடிந்து படங்கள் இறங்கி ஓய்ந்ததும் பட்டியல் வளராது. அந்த நேரத்தில் ஓர் எண்ணிக்கை எடுங்கள்: இன்று மொத்தம் வந்தவை எத்தனை, ஏற்றது எத்தனை, திருப்பியது எத்தனை, பாக்கி எத்தனை. தாளில் எழுதுங்கள். அங்கிருந்து ஏழு மணி வரை பாக்கி எண் மட்டுமே இறங்கிக்கொண்டு வர வேண்டும்.

இருப்புப் போதாத காசோலைகளை ஆறே முக்கால் வரை வைத்திருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. "சார், ஆறரைக்குள்ள போட்டுடறேன்" என்று தெரிந்த வாடிக்கையாளர் சொல்லும்போது மறுப்பது கஷ்டம்தான். என்றாலும் உள்ளுக்குள் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி போதும். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டும் இப்போது நாள் முழுக்க இயங்குகின்றன. பணம் வைத்திருப்பவர் ஆறு மணிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆறு மணிக்கு இருப்பு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுச் செக்கருக்கு அனுப்ப வேண்டும். மீதி ஒரு மணி நேரம் இணைப்பு, மின்சாரம், கணினி ஆகியவற்றின் கோளாறுகளுக்காக. மழைக்காலத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வேலை பார்ப்பவருக்கு இந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

ரிட்டர்ன் காரணத்தைச் சரியாகப் போடுவது தனிக் கவனம் வேண்டிய வேலை. 01 என்றால் போதிய பணமில்லை, 12 கையெழுத்து வேறுபாடு, 20 எழுதியவர் நிறுத்தியது, 31 காலாவதி. ஒரு காசோலையில் பணமும் இல்லை, கையெழுத்தும் ஒத்துவரவில்லை என்றால் கண்ணில் பட்ட முதல் காரணத்தோடு நிற்காமல் இரண்டையும் பதிவு செய்யுங்கள். காசோலை திரும்பிய விவசாயி மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன் கீழ் வழக்குப் போட வேண்டுமானால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எழுதியவருக்கு 15 நாள் அவகாசம். அந்த வழக்குக்கு ஆதாரம் ரிட்டர்ன் மெமோதான். அதில் காரணமோ தேதியோ பிசகினால் பாடுபட்டு விளைவித்தவர் நீதிமன்றத்தில் அலைய நேரிடும்.

செட்டில்மென்ட் வந்ததும்

நாம் அனுப்பியவற்றில் எதிர் வங்கி ஏற்றவை மணிக்கொரு செட்டில்மென்டில் சேரும். செட்டில்மென்ட் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது விதி. இதை மாலையில் மொத்தமாகச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் டே-எண்டிலும் இடிக்கும்.

மயிலாடுதுறையில் டிராக்டர் கடன் வாங்கிய ஒருவர் என்று வையுங்கள். நாளைக் காலை தவணை பிடிக்கப்படும். அந்தத் தவணைக்காகவே இன்று நெல் வியாபாரி கொடுத்த காசோலையைப் போட்டிருக்கிறார். மதியம் மூன்று மணி செட்டில்மென்டில் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. ஆனால் வரவுக் கோப்பு செக்கர் அனுமதி இல்லாமல் கிடக்கிறது. டே-எண்ட் ஓடித் தேதி மாறி, காலையில் தவணை மோதும்போது இருப்பு இல்லை. அவருக்குத் தவணை தவறிய கட்டணமும் கடன் பதிவில் ஒரு கறையும் விழுகின்றன. மறுநாள் முந்தைய தேதி மதிப்பில் வரவு வைத்தால் வட்டி சரியாகலாம், திரும்பிப்போன தவணை சரியாகாது. அதனால் ஏழு மணிக்குப் பிறகு வரும் கடைசி செட்டில்மென்டின் வரவும் கணக்கில் ஏறிய பிறகே டே-எண்டுக்குக் கைகாட்ட வேண்டும்.

டேலி: ஒரு நாள் கணக்கு

கும்பகோணத்தில் ஒரு கிளியரிங் பிரிவின் ஒரு நாள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். இரவு ஏழே காலுக்கு கோர் பேங்கிங் காட்டுவது:

அவுட்வர்டில் 86 காசோலை, 41,18,750 ரூபாய். அதில் எதிர் வங்கிகள் திருப்பியது 3, தொகை 1,24,000. வாடிக்கையாளர்களுக்கு வரவானது 83 காசோலைக்கு 39,94,750.

இன்வர்டில் 58 காசோலை, 37,42,300 ரூபாய். நாம் திருப்பியது 4, தொகை 2,10,500. வாடிக்கையாளர்களிடம் பற்று வைத்தது 54 காசோலைக்கு 35,31,800.

அப்படியானால் நமக்கு வர வேண்டிய நிகரத் தொகை 39,94,750-லிருந்து 35,31,800 கழித்து 4,62,950. அன்றைய எல்லா மணிநேரச் செட்டில்மென்டையும் கூட்டினால் இதுதான் வர வேண்டும். ஆனால் ரிசர்வ் வங்கிக் கணக்கில் வந்தது 4,44,950. கிளியரிங் கணக்கில் 18,000 ரூபாய் பற்று இருப்பாக நிற்கிறது.

பற்று இருப்பு என்றால் என்ன பொருள் என்று முதலில் தெளிவாக வேண்டும். வங்கியிலிருந்து பணம் போயிருக்கிறது, அதற்கு எந்த வாடிக்கையாளரிடமும் பற்று வைக்கவில்லை. அல்லது வாடிக்கையாளருக்கு வரவு வைத்துவிட்டோம், அந்தப் பணம் வரவில்லை. இதை அறிய, தொகைக்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். கிளியரிங் அமைப்பின் அறிக்கையை எடுத்தால் அவுட்வர்ட் ஏற்றவை 83; ஒத்துப்போகிறது. இன்வர்ட் ஏற்றவை 55, திருப்பியவை 3. நம் புத்தகத்தில் 54-ம் 4-ம். ஆக, நாம் திருப்பியதாக நினைக்கும் ஒரு காசோலை அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. திருப்பிய நான்கில் 18,000 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது. எழுதியவர் நிறுத்தச் சொன்ன காசோலை.

நடந்தது இதுதான். பதிவைப் போடும் மேக்கர் ஆறு மணிக்கு ரிட்டர்ன் போட்டார். கோர் பேங்கிங்கில் வாடிக்கையாளருக்குப் பற்று விழவில்லை. அந்தப் பக்கம் முடிந்தது. கிளியரிங் மென்பொருளில் அதே ரிட்டர்ன் செக்கரின் வரிசையில் நின்றது. செக்கர் அதற்கு முந்தைய மூன்றையும் அனுமதித்து எழுந்தார். நான்காவது அதன் பிறகு வந்து சேர்ந்தது. ஏழு மணி ஆனதும் பதில் இல்லாத காசோலை என்று கட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. கோர் திரையில் ரிட்டர்ன் என்று தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு கடிகாரங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

இப்போது செய்யக் கூடாதது ஒன்று உண்டு: டேலி ஆக வேண்டும் என்பதற்காக அந்த வாடிக்கையாளர் கணக்கில் 18,000 பற்று வைப்பது. அவர் நிறுத்தச் சொன்னதை வங்கி பதிவு செய்திருக்கிறது. அவரிடம் எடுக்க வங்கிக்கு உரிமை இல்லை. காரணம் 01 ஆக இருந்திருந்தாலும், கணக்கில் இல்லாத பணத்தை அனுமதியின்றி ஓவர்டிராஃப்டாக எழுத முடியாது.

செய்ய வேண்டியது: மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு 18,000 ரூபாயைக் கிளியரிங் கணக்கிலிருந்து, வர வேண்டிய தொகைக்கென உள்ள தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். விவரத்தில் காசோலை எண், தேதி, சமர்ப்பித்த வங்கி, ரிட்டர்ன் காரணம் எல்லாம் இருக்க வேண்டும். "கிளியரிங் வித்தியாசம்" என்று மட்டும் எழுதினால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் விளங்காது. கிளியரிங் கணக்கு பூஜ்யமாகிவிடும். அன்று இரவே சமர்ப்பித்த வங்கியின் கிளியரிங் பிரிவுக்கு, படத்தோடும் நிறுத்த உத்தரவின் நகலோடும் மின்னஞ்சல் அனுப்பித் தொகையைத் திருப்பித் தரக் கேளுங்கள். பெறுபவர் பணத்தை எடுத்துவிட்டிருந்தால் அவர்கள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஏழு மணி தாண்டிய பிறகு ரிட்டர்ன் என்ற வழி மூடிவிட்டது. இனி நடப்பது வேண்டுகோள் மட்டும்.

இதைத் தடுக்க ஒரே ஒரு சரிபார்ப்பு போதும். ஆறரைக்கு, கோரில் உள்ள ரிட்டர்ன் பட்டியலையும், கிளியரிங் அமைப்பிலிருந்து ஒப்புதல் திரும்பி வந்த ரிட்டர்ன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காசோலை எண்ணால் டிக் அடியுங்கள். அனுப்பிய பட்டியலை வைத்து அல்ல, ஒப்புதல் வந்த பட்டியலை வைத்து. நான்குக்கு நான்கு டிக் விழுந்த பிறகே செக்கர் நாற்காலியை விட்டு எழலாம். ஆறரைக்கு மேல் ரிட்டர்ன் போடும் மேக்கர் செக்கரை வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரையில் வரிசை நீள்வதை அவர் பார்ப்பார் என்று நம்பிவிட வேண்டாம்.

டே-எண்டுக்குக் கைகாட்டும் முன்

கிளியரிங் கணக்கு பூஜ்யம் ஆனதும் இன்னும் சில வேலைகள் இருக்கும். அனுமதி பெறாமல் நிற்கும் பதிவுகளின் பட்டியலை எடுங்கள். ரிட்டர்ன் கட்டணங்கள் அதில் அடிக்கடி சிக்கியிருக்கும். ஒரு பதிவு நின்றாலும் பல மென்பொருள்களில் கிளையின் நாளை மூட முடியாது. அதை யாரோ அழித்துவிட்டு மூடினால் நாளைக்கு அது வித்தியாசமாக முளைக்கும். அழிப்பதாக இருந்தால் அழித்தவர் பெயரும் காரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

திரும்பி வந்த அவுட்வர்ட் காசோலைகளுக்கு மெமோ அச்சடித்து, அசல் காசோலையைக் கட்டிலிருந்து உருவி, இரண்டையும் சேர்த்துக் கிளைக்கு அனுப்பும் உறையில் வையுங்கள். உருவிய இடத்தில் ஒரு சீட்டு செருகுங்கள். ஏனென்றால் காகிதக் காசோலைகள் நம்மிடமே பத்து ஆண்டுகள் இருக்க வேண்டும். ஸ்கேன் வரிசையிலேயே கட்டி, மேலே தேதியும் கட்டு எண்ணும் எழுதி இரும்பு அலமாரிக்குப் போக வேண்டும். வரிசை கலைந்தால் என்றைக்கோ ஒரு நாள் நீதிமன்றம் கேட்கும் ஒரு காசோலைக்காக மூட்டை மூட்டையாகப் பிரிக்க வேண்டி வரும். மேலே சொன்ன நாளில் 86 அனுப்பினோம், 3 திரும்பின. ஆக அலமாரிக்குப் போவது 83 காசோலையும் 3 சீட்டும். எண்ணிப் பாருங்கள்.

டே-எண்ட் ஓடி முடிந்ததும் கிளியரிங் கணக்கின் முடிவு இருப்பை அச்சடித்து, அன்றைய அறிக்கைகளோடு கோப்பில் வையுங்கள். தனிக் கணக்குக்கு மாற்றிய 18,000 ரூபாய்க்கான குறிப்பை மறுநாள் மேக்கரின் மேசையில், ஸ்கேனர் மூடிமேலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். காலையில் துணியை எடுத்துத் துடைக்க வருபவர் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும்.